நிதானம் அத்தானும் மூன்று டிஸ்க்குகளும்

என் அக்கா புருஷனுக்கு எங்கள் குடும்பத்தில் நிதானம் என்று பேர். வைத்தவன் நான்தான். பஸ் கிளம்புகிறது ஓடுங்கள் என்று கத்தினால், "அடுத்தது வராதா, மாப்ள?" என்பார். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். கடை என்றால் இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, சுவர் முழுக்கக் கேபிள். கையில் எந்த டிஸ்க் வந்தாலும் அதன் மேல் காகித டேப் ஒட்டி, யாருடையது, எந்தத் தேதி என்று எழுதாமல் அதைத் தொடமாட்டார். ஒரு கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் அரைமணி நேரம் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். நான் போட்டோ ஸ்டூடியோக்காரன். எனக்கு எதுவும் உடனே நடக்க வேண்டும்.

அவர்களுக்கு ஒரே பெண். நான்கு வருஷத்துக்கு முன் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஏழு வயது. அதற்குப் பிறகு அக்கா வீட்டில் ஒரு படம்கூட வைக்கவிடவில்லை. பாப்பாவின் ஏழாவது பிறந்தநாளை நான் வீடியோ எடுத்திருந்தேன், இருபது நிமிஷம். "வீட்ல வேணாம் மாப்ள, உன்கிட்டயே இருக்கட்டும்" என்று அத்தான் சொன்னார். ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் பாப்பா என்ற ஃபோல்டரில் அது கிடந்தது. வேறெங்கும் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தவரும் அவர்தான். விண்டோஸில் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்று ஒன்று உண்டு. மூன்று டிஸ்க்கைச் சேர்த்து ஒரு பூல் ஆக்கி, ஒரே பெரிய டிரைவ் மாதிரி காட்டும். எதை எழுதினாலும் இரண்டு டிஸ்க்கில் இருக்கும்படி அமைத்தார். "ஒரு டிஸ்க் செத்தா தாங்கும். ரெண்டு செத்தா தாங்காது. வெளியில தனியா ஒரு காப்பி எடுத்து வை" என்றார். வெளியில் வைக்க ஒரு டிஸ்க் வாங்குகிறேன் வாங்குகிறேன் என்று இரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன்.

போன மாதம் ஒரு காலை அத்தான் போன் செய்தார். குரலே வேறு மாதிரி இருந்தது. "உங்க அக்கா பாப்பா வீடியோவைப் பாக்கணும்னு கேக்குறா, மாப்ள. அவளே கேட்டா. ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடு."

கம்ப்யூட்டரைப் போட்டால் திரை மூலையில் டிரைவ்களைச் சரிபாருங்கள் என்று ஒரு அறிவிப்பு. ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் பக்கத்தில் மஞ்சள் முக்கோணங்கள். ஒரு டிஸ்க் துண்டிக்கப்பட்டிருக்கிறது, இன்னொன்று எச்சரிக்கை. போனிலேயே அவரிடம் படித்துக் காட்டினேன்.

"எதையும் அமுக்காத. ரீசெட், டெலிட், ஃபார்மேட், எதுவும் வேணாம். ஒன்னு காணோம், இன்னொன்னு சாகப்போகுதுன்னா, பாதிக்கு மேல ஃபைலுக்கு இப்ப ஒரே காப்பிதான் இருக்கு. ஷட்டவுன் பண்ணிடு. காணாமப் போனது பெரும்பாலும் கேபிளா இருக்கும். அதை மாட்டினா தானா சேர்ந்துக்கும். நான் சாயங்காலம் வர்றேன்."

அவர் வெளியூரில் வேலையாக இருந்தார். ஷட்டவுன் செய்தேன். அதோடு சும்மா இருந்திருக்கலாம். என் கை சும்மா இருக்காது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். கேமரா கார்டு ஒன்று தகராறு செய்தால் தயங்காமல் ஃபார்மேட் செய்வோம். பிறகு வெற்று டேட்டாவை ஓரம் வரை முழுசாக எழுதிப் பார்ப்போம். தாங்கினால் நல்ல கார்டு, இல்லையென்றால் குப்பை. நாளைக்குக் கல்யாணத்தில் மானம் போகாமலிருக்க இதுதான் வழி. பதினைந்து வருஷப் பழக்கம், யோசிக்காமலே வரும்.

பெட்டியைத் திறந்தேன். ஒரு டிஸ்க்கின் கேபிள் லேசாக வெளியே வந்திருந்தது. இதுதான் காணாமல் போனவன் என்று கழற்றி, ஆல்பம் வடிவமைக்கிற, விண்டோஸ் இல்லாத வேறு ரகக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை, புதிதாகத் தயார் செய்யவா என்று கேட்டது. மற்ற இரண்டில்தான் எல்லாம் இருக்கிறதே, இது கெட்டதா நல்லதா என்று தெரிந்தால் அத்தானுக்கு வேலை மிச்சம் என்று நினைத்தேன். சரி என்று அமுக்கிவிட்டு, ஓரம் வரை எழுதும் சோதனையையும் ஓடவிட்டேன். மத்தியானத்துக்குள் முடிந்தது. ஒரு பிழை இல்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

சாயங்காலம் அத்தான் வந்து பெட்டியைப் பார்த்தார். "மூணாவது எங்க?"

"இதோ. டெஸ்ட் பண்ணிட்டேன் அத்தான். தங்கமான டிஸ்க்."

"டெஸ்ட்னா?"

சொன்னேன். அவர் அந்த டிஸ்க்கைக் கையில் வாங்கி, அதிலிருந்த காகித டேப்பைத் தடவிக்கொண்டே நின்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கேபிள்தான் லூஸ் மாப்ள. அப்படியே அழுத்தி விட்டிருந்தா போதும். இப்ப இதுல இருந்ததெல்லாம் அழிஞ்சு போச்சு" என்றார். அது சேர்ந்து சரியானதும், புதுசாக ஒன்றைப் பூலில் சேர்த்து, எச்சரிக்கை காட்டும் டிஸ்க்கை நீக்கத் தயார் செய் என்று விண்டோஸிடம் சொல்லி, அதிலிருப்பதெல்லாம் மற்றவற்றுக்கு நகர்ந்து முடிந்த பிறகுதான் கழற்றுவதாக இருந்தாராம். மெதுவாக, வழக்கம்போல.

இப்போது அதற்கெல்லாம் வழியில்லை. "சாகப்போற டிஸ்க்குக்கு ரிப்பேர் வேலை குடுத்தா அதுலயே செத்துடும். முதல்ல உள்ளதை வெளிய எடுக்கணும்." புது டிஸ்க் ஒன்று கொண்டுவந்திருந்தார். அதைப் பூலில் சேர்க்காமல் தனியாக மாட்டினார். முதலில் பாப்பா ஃபோல்டரை இழுத்துவிட்டார்.

சிறிது தூரம் போய் நின்றது. உள்ளே இருந்து டக், டக் என்று சத்தம். படிக்க முடியவில்லை என்று வந்தது. மீண்டும் முயல் என்ற பட்டன் திரையில் இருந்தது. அவர் ஒரு முறை அமுக்கினார். மறுபடி டக், டக். சுட்டி அந்தப் பட்டன் மேலேயே இருந்தது. அவர் விரல் நகரவில்லை.

"இன்னொரு தடவை அமுக்குங்க அத்தான்" என்றேன்.

"கெட்டுப்போன இடத்தையே சுரண்டினா மொத்தமும் போயிடும். எத்தனை கல்யாணம் இதுல இருக்கு?"

"முப்பத்தெட்டு. டெலிவரி குடுக்காதது ஆறு."

தவிர் என்பதை அமுக்கினார்.

"நல்லா இருக்குறதை முதல்ல எடுப்போம். கடைசில பாப்பாகிட்ட வரலாம்" என்றார். வேறு யார் வந்து கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். தன் பிள்ளைக்கென்று ஒரு விதிவிலக்கு வைக்கத் தெரியாத மனுஷன். நான் தடுத்திருக்கலாம். கல்யாணமெல்லாம் போகட்டும், கடன்காரனாகிறேன், பாப்பாவை எடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆறு குடும்பத்தின் முகமும் கண்ணுக்கு முன்னால் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

முப்பத்தோராவது கல்யாணம் போய்க்கொண்டிருக்கும்போது சத்தம் மாறி, பிறகு நின்றே போனது. டிரைவ் திரையிலிருந்து மறைந்தது. டெலிவரி கொடுக்க வேண்டிய ஆறும் தப்பித்திருந்தன. செத்த டிஸ்க்கைத் தரவு மீட்கும் இடத்துக்கு அனுப்பினார். உள்ளே டேட்டா பதியும் தட்டு சுரண்டப்பட்டுவிட்டது, எதுவும் தேறாது என்று இரண்டு வாரத்தில் திருப்பி அனுப்பினார்கள்.

அதுவரை அக்காவிடம் கொஞ்சம் பொறு என்று மட்டும் அத்தான் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பதில் வந்த அன்று அவரோடு நானும் வீட்டுக்குப் போனேன். அக்கா வரவேற்பறையை ஒழுங்குபடுத்தி, டீவிக்கு எதிரே நாற்காலியை நகர்த்தி வைத்திருந்தாள். அத்தான் விஷயத்தைச் சொன்னார். நான் ஃபார்மேட் செய்ததை மட்டும் சொல்லவில்லை, டிஸ்க் கெட்டுப்போச்சு என்றார். நானே குறுக்கிட்டு, "இல்லக்கா, நான்தான் அழிச்சேன்" என்றேன்.

அக்கா அழவில்லை. அத்தானைப் பார்த்து, "நீங்க பாத்திருப்பீங்கல்ல? அதுல என்ன பேசினா? சொல்லுங்க, அது போதும்" என்றாள்.

அத்தான் இல்லை என்று தலையை ஆட்டினார். "நான் ஒரு தடவைகூட திறக்கல. உன்கூடதான் பாக்கணும்னு இருந்தேன்."

அப்புறம் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த வீடியோவை முழுசாகப் பார்த்தவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான். எடுத்தவன், வெட்டி ஒட்டினவன். சொல்லாமல் தப்பிக்க முடியாது.

"மெழுகுவர்த்தியை எல்லாரும் பாடி முடிக்கிறதுக்குள்ள ஊதிட்டா. அப்புறம் என் பக்கம் திரும்பி, மறுபடியும் முதல்லேர்ந்து எடுங்க மாமான்னா" என்றேன். "நான் எடுக்கல அக்கா. பேட்டரி தீர்ந்துடும்னு நிறுத்திட்டேன்."