ஒரு கை வெந்தயம்

காத்தான்குடியில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு சித்தி நபீஸாவுடையது. எங்கள் ஊர் வழக்கம் தெரிந்தவர்களுக்கு அந்த வீட்டின் கதை ஒரு வரியில் விளங்கிவிடும்: பெற்றது இரண்டும் ஆண். இங்கே பெண் பிள்ளைக்குத்தான் வீடு. மாப்பிள்ளை அவள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆண் பிள்ளையைப் பெற்றவள் அவனை வளர்த்து இன்னொரு வீட்டு வாசலில் விட்டுவிட்டு வரவேண்டியதுதான். மூத்தவன் ஏறாவூரில் மனைவி வீட்டில். இளையவன் ஷாமில் கட்டாரில் வேலை. விடுமுறையில் வந்தாலும் ஓட்டமாவடியில் மனைவி வீட்டில்தான் இறங்குவான். புருஷன் சாலிஹ் மௌத்தான பிறகு நபீஸா தனியாள்.

பதினொரு மாதம் அந்த வீட்டில் வானொலியைத் தவிர வேறு குரல் கேட்காது. நோன்பு மாதம் வந்துவிட்டால் பின்னேரங்களில் எங்கள் ஒழுங்கைப் பெண்களெல்லாம் அங்கேதான். ஒருத்தி அரிசி கழுவ, ஒருத்தி தேங்காய் துருவ, ஒருத்தி ஊர்க் கதை அளக்க, நடுவில் நபீஸா பெரிய சட்டியில் கஞ்சி காய்ச்சுவார். எதையும் அளந்து போடமாட்டார். வெந்தயம் என்றால் ஒரு கை. அந்தக் கை பிசகி நான் பார்த்ததில்லை.

சென்ற வருடம் மட்டக்களப்பில் கிளினிக்குக்குப் போனபோது அவருக்கு ரத்தத்தில் சீனி ஏறியிருந்தது. டொக்டர் குளிசையைக் கூட்டிக் கொடுத்து, நோன்புக்கு முன் ஒருதரம் வரச் சொன்னார். அப்போது சீனி எப்படி இருக்கிறதென்று பார்த்துத்தான் நோன்பு பிடிக்கலாமா என்று சொல்வாராம். அந்த வார்த்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவருக்கு அதன் பிறகு நிம்மதி இல்லை. நோன்பு பிடிக்காதவள் வீட்டில் யார் வந்து கஞ்சி காய்ச்சுவார்கள்? இருக்கிற ஒரு மாதமும் போய்விடும் என்று பயந்தார். அந்தப் பயத்தை அவர் எங்களில் ஒருத்தியிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக ஏசியிருப்பேன்.

பக்கத்து வீட்டுச் சஹ்லாதான் வெந்தயத்தைச் சொல்லிக் கொடுத்தாள். பிழையாகவும் சொல்லவில்லை. "ராவைக்கு ஒரு தேக்கரண்டி ஊறப்போடுங்க மாமி. காலையில தண்ணியக் குடிச்சிட்டு வெந்தயத்த மென்டு தின்னுங்க. முதல்ல அரைக்கரண்டியோட தொடங்குங்க, வயிறு பழகோணும்."

நபீஸா அரைக்கரண்டியோடுதான் தொடங்கினார். வயிறு கொஞ்சம் இரைந்தது, பிறகு பழகியது. ஒரு கரண்டியாக்கினார். மருந்துக்கடையில் விரலைக் குத்திப் பார்த்தபோது சீனி சற்றே இறங்கியிருந்தது. அதோடு பொறுத்திருக்கலாம். நோன்பு நெருங்க நெருங்க அவருக்குப் பொறுமை போய்விட்டது. கரண்டியை வைத்துவிட்டுக் கையால் அள்ளிப் போட்டார். அத்தனை பேர் குடிக்கிற சட்டிக்குப் போடுகிற அதே கை.

வயிறு ஊதியது, அடிக்கடி வயிற்றால் போயிற்று. உடம்பு வேர்த்தால் உடுப்பில் ஒருவித இனிப்பு வாசம் அடித்தது. அது அவருக்கே தெரியாது. ஒருநாள் சஹ்லா தோளைத் தொட்டு, "என்ன மாமி, உங்கட உடுப்பெல்லாம் வெந்தயம் மணக்குது" என்று சிரித்தாள். வாசம் தெரிகிற தூரத்துக்கு யாராவது தன் பக்கத்தில் வந்து எத்தனை நாளாயிற்று என்று நபீஸாவுக்கு அன்றுதான் உறைத்தது. வீட்டுக்குள் வந்து அழுதேன் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

கிளினிக் நாள் வந்தது. ரத்தம் எடுக்கும்வரை சாப்பிடாமல், குளிசையும் போடாமல் வரச் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் இரவே வயிற்று உப்புசத்தில் அவருக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. காலையில் ஊறிய வெந்தயத்தை ஒரு கை மென்று விழுங்கி, குளிசையையும் போட்டுக்கொண்டார். இன்னும் கொஞ்சம் இறங்கட்டுமே என்ற ஆசை. பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது கை நடுங்கத் தொடங்கியது. முதுகெல்லாம் குளிர்ந்து வேர்த்தது. பாலத்தின் கீழே வாவி இரண்டாகத் தெரிந்தது. பக்கத்து இருக்கையில் இருந்தவர் போனில் பேசிக்கொண்டு வந்தார். அவரிடம் சொல்ல நபீஸாவுக்கு வெட்கமாக இருந்தது.

எப்படி நடந்து போய்க் கிளினிக் வாங்கில் உட்கார்ந்தார் என்பது அவருக்கே நினைவில்லை. முகத்தைப் பார்த்த நேர்ஸ் கேதீஸ்வரி ஓடிவந்து விரலைக் குத்தினார். ஐம்பத்துநாலு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. உடனே சீனி கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்து, கால் மணித்தியாலத்தில் மறுபடி பார்த்து, நடுக்கம் நின்ற பிறகு பிஸ்கட்டும் கொடுத்தார்.

"ராவைக்கு என்ன சாப்பிட்ட நீங்க உம்மா?"

"வயிறு ஊதிக் கெடந்திச்சி மகள். ஒண்டும் இறங்கல்ல."

"காலையில?"

"குளிசை போட்ட. மறுகா, வெந்தயம். ஒரு கை."

"ஒரு கையா! உங்கட வயிறு என்ன கஞ்சிச் சட்டியா உம்மா?" கேதீஸ்வரிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு தேக்கரண்டி போதும். அதுவும் குளிசைக்குத் துணைதான், குளிசைக்குப் பதில் இல்ல. ரெண்டையும் ஒண்டா விழுங்கப்படாது, ரெண்டு மணித்தியாலம் தள்ளி எடுக்கோணும். எடுக்கிறன் எண்டு எங்களுக்குச் சொல்லவும் வேணும். உங்கட குளிசையும் சீனிய இறக்கும், வெந்தயமும் இறக்கும், வயித்திலயும் ஒண்டும் இல்லாட்டி மனிசி விழாம என்ன செய்யும்? ஊருக்குப் போய் மத்தவங்களுக்கும் அள்ளிக் குடுத்திராதீங்க. பிள்ளை வயித்தில இருக்கிறவங்களும், ரத்தம் உறையாம இருக்க மருந்து குடிக்கிறவங்களும் டொக்டரைக் கேக்காம எடுக்கவே கூடாது."

டொக்டர் ஏசவில்லை. குளிசையை மாற்றி எழுதினார். "இந்த முறை நோன்பு வேணாம் உம்மா. அடுத்த வருஷம் பார்ப்பம்."

"இனி வெந்தயம் தொடமாட்டன் டொக்டர்."

"அதுக்கில்ல. சீனி இப்பிடி ஏறி இறங்கினா நோன்போட இருக்கிறது ஆபத்து. பகல்ல மயங்கி விழுந்தா வீட்டில பார்க்க யார் இருக்கிறாங்க?"

நபீஸா குளிசைச் சீட்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினார். ஆள் வந்து நிறைய வேண்டுமென்று பிடிக்கப்போன நோன்பு, ஆள் இல்லாத காரணத்தால் கையைவிட்டுப் போனது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு மகன்மார் மீதும் ஆத்திரமாக வரும். அவர்களைச் சொல்லி என்ன, ஊர் வழக்கம் அப்படி.

முதல் நோன்பு அன்று பழக்கத்தில் விடியுமுன் சஹர் சாப்பாட்டு நேரத்துக்கு விழிப்பு வந்தது. அயல் வீடுகளில் கோப்பைச் சத்தம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். விடிந்த பிறகு கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, ரொட்டியைச் சத்தமில்லாமல் தின்று குளிசை போட்டார். களவு செய்வதுபோல இருந்ததாம். பின்னேரம் கேற்றைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்தார்.

நாங்கள் விடவில்லை. சஹ்லா கேற்றைத் தட்டிய தட்டில் நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"நான் நோன்பில்ல புள்ள" என்றார் நபீஸா, கேற்றைத் திறக்காமல்.

"அது எங்களுக்குத் தெரியும் மாமி. நீங்க நோன்பில்லாட்டிக் கஞ்சிக்கு உப்புப் பார்க்க ஒரு வாயாவது கெடைக்குமே! இவ்வளவு வருஷமும் கண்மதிப்பிலதானே போட்டோம். திறங்க."

கேற் திறந்தது. அன்று நபீஸா அகப்பையில் தொட்டு உப்புப் பார்த்து, "ஒரு கல்லுப் போடு" என்று சொன்னதும் எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சட்டிக்கு ஒரு கை வெந்தயம் போட்டார். நாங்கள் பங்கை ஊற்றிக்கொண்டு, மஃரிப் தொழுகை நேரத்துக்கு முன் அவரவர் பிள்ளைகளிடம் ஓடினோம்.

அவர் தனியே பாயை விரித்து, ஒரு கோப்பை கஞ்சியும் ஒரு பேரீச்சம்பழமும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பள்ளியில் பாங்கு சொன்னது. ஒழுங்கை முழுக்க ஒரே நேரத்தில் அமைதியானது. எல்லா வீட்டிலும் நோன்பு திறக்கிறார்கள். பழத்தை எடுத்து வாயருகே கொண்டுபோன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அந்த ஒழுங்கையில் தனக்கு மட்டும் பசிக்கவில்லை.