அரம் போட்ட கார்டு

தெருமுனையில் சாவி செய்யும் பூட்டுக்காரர் தன் நிழலையே நம்பாத மனிதர். போனில் பணம் அனுப்பும் பின் நம்பரை மாதா மாதம் மாற்றுவார். மனைவியிடம்கூட மூச்சு விடமாட்டார். வங்கிக் கார்டின் எண்ணை எவனாவது பார்த்துவிட்டால்? பட்டறை அரத்தை எடுத்து எண், தேதி எல்லாவற்றையும் வழவழவென்று ராவிவிட்டார். சிப் இருந்தால் ஏடிஎம் மிஷினில் வேலை செய்யுமே! என்ன மூளை, என்ன மூளை!

பழைய போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்தது. புதுப் போனும் புது சிம்மும் வாங்கி, வெளியூரில் படிக்கும் மகளுக்கு நம்பரைச் சொன்ன அன்றே அவள் கூப்பிட்டாள். “அப்பா, பரீட்சைக் கட்டணம் இன்னைக்கு ராத்திரியோட கடைசி. ஆன்லைன்லதான் கட்டணும். விட்டா பரீட்சை எழுத முடியாது.”

புதுப் போனில் பணம் அனுப்பும் ஆப் திறக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. எதிரே இருந்த மொபைல் கடைப் பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவள் போனைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “பழைய சிம்மை இன்னும் போடலையா மாமா? பேங்க்ல கொடுத்த நம்பர்லருந்து ஆப் ஒரு மெசேஜ் அனுப்பும். அது போனாத்தான் இந்தப் போன் உங்களுதுன்னு நம்பும்.”

“பரவாயில்லையே, என்னை மாதிரியே சந்தேகப்படுது!”

சிம்மைப் போட்டதும் கணக்கு தெரிந்தது. பின் கேட்டது. போன மாதத்ததா, அதற்கு முந்தியதா? மூன்று தடவை தப்பாகப் போட்டார். இன்றைக்கு இனி முடியாது என்று ஆப் கையை விரித்துவிட்டது.

“போன் புதுசுதானேம்மா, பின் மட்டும் ஏன் பழசு கேக்குது?”

“பின் போன்ல இல்ல மாமா, பேங்க்ல இருக்கு. மறந்துட்டா புதுசு வச்சுக்கலாம். கார்டோட கடைசி ஆறு நம்பரும் தேதியும் போடுங்க, ஓடிபி வரும்.”

பூட்டுக்காரர் கார்டை நீட்டினார். அவள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கண்ணாடி மாதிரி இருக்கே! யாரு செஞ்ச வேலை?”

வங்கி மூடியாகிவிட்டது. கையில் காசு இருந்தது. யாரிடமாவது கொடுத்துக் கட்டச் சொல்ல மனம் துணியவில்லை. ஆனால் பிள்ளையின் படிப்பு போய்விடுமே! வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தையல் மிஷின்மேல் கிடந்த தன் போனை எடுத்து, மகளிடம் விவரம் கேட்டு, நாலு தட்டுத் தட்டினாள். “கட்டியாச்சு.”

“உனக்கு ஏது கணக்கு? ஏது ஆப்?”

“மூணு வருஷமா இருக்கு. தைச்ச காசு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

“சொல்லணும்னு பல தடவை நெனச்சேங்க,” என்றாள் அவள், சிரிப்பு அடங்கி. “ஆனா நான் பக்கத்துல வந்தாலே நீங்க போனைக் கவுத்து வச்சிடுவீங்க.”

அவருக்குச் சுருக்கென்றது. தன் புதுப் போனை எடுத்து, திரை மேலே தெரியும்படி அவள் போனுக்குப் பக்கத்தில் வைத்தார்.