நான்காவது அட்டை மட்டும்

மகளுக்கு எட்டு மாதம். பிரசவ லீவு முடிந்து பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவதற்குள் உருப்படியாக ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற தவிப்பில்தான் ஓர் இணையப் பதிவு எழுத ஒப்புக்கொண்டேன். எங்கள் மலையகத் தோட்டங்களில் பிறந்த பட்டதாரிகள் சிலர் சேர்ந்து இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் நடத்துகிறோம். பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளுக்காக, ‘முன்னாலேயே யாராவது சொல்லியிருக்கலாம்’ என்ற தலைப்பில் பத்து அட்டைகள் தயாரிப்பதாகத் திட்டம். விரலால் தள்ளினால் அடுத்த அட்டை வரும். எழுதுவது நான். அதை அட்டையாக வடிவமைப்பது என்னோடு படிப்பிக்கும், என்னைவிட இளைய ஆசிரியை.

முதலில் எழுதியதை அவளுக்கு அனுப்பினேன். நேரத்தைத் திட்டமிடுங்கள், நல்ல நண்பர்களைத் தேர்ந்தெடுங்கள், உடல்நலம் பேணுங்கள். அவள் உடனே போன் எடுத்தாள்.

“அக்கா, இத ஜப்பான்ல இருக்கிற பிள்ளைக்கும் அனுப்பலாம். நம்ம பிள்ளைக்கு என்ன சொல்றீங்க?”

கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரிதான். மகளை மடியில் போட்டுக்கொண்டு மறுபடி எழுதினேன். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் வேறுவேறாக இருந்தால், போவதற்கு முன்பே கிராம சேவகரைப் பார். விடுதிக்குக் கம்பளி கட்டிக்கொண்டு போகாதே, அங்கே வெயில். மெல்லிய விரிப்பு போதும். உன் தமிழைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள், அதற்காக மாற்றிப் பேசாதே. முதல் மாதம் ஆங்கில விரிவுரை புரியாது. பக்கத்தில் இருப்பவளுக்கும் புரியவில்லை, கேட்டுப் பார்.

பகிடிவதையைப் பற்றி, அதாவது ராகிங்கைப் பற்றி, எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதினால் பயந்துவிடுவார்கள், எழுதாவிட்டால் தெரியாமல் போய் மாட்டிக்கொள்வார்கள். கடைசியில் எழுதினேன். ஓர் அட்டைக்கு மூன்று வரிக்கு மேல் போனால் சின்னப் போனில் வாசிக்க முடியாது என்று அவள் அதை இரண்டாகப் பிரித்தாள். நான்காவது அட்டை: ‘முதல் மாதம் சீனியர்கள் உங்களைக் கூப்பிடுவார்கள். அழ வைப்பார்கள். நானும் அழுதேன்.’ ஐந்தாவதில்: ‘கூப்பிட்டால் தனியே போகாதீர்கள். விடுதிப் பொறுப்பாளரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைப் போனில் இப்போதே போட்டு வையுங்கள்.’ நான்காவதைப் பார்த்தவர்கள் கட்டாயம் அடுத்ததைத் தள்ளிப் பார்ப்பார்கள் என்று அவள் சொன்னாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அப்படியே பதிவைப் போட்டோம்.

எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு பிள்ளைக்கு அந்த வருடம் கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. அம்மா கொழுந்து பறிக்கிறவர், அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. இணையத்தில் பதிவு செய்ய வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதைத் தவறவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். எங்கள் வீட்டு வாசலில்தான் இணையம் திறக்கிற அளவுக்கு சிக்னல் கிடைக்கும் என்பதால் வியாழக்கிழமை பின்னேரம் வருவதாகச் சொல்லியிருந்தாள். வரவில்லை. இரண்டு முறை போன் எடுத்தேன், எடுக்கவில்லை. பிறகு, “அப்பா போக வேணாம்னுட்டாரு டீச்சர்” என்று ஒரு குரல் பதிவு மட்டும் வந்தது.

மகளைத் துண்டால் மார்போடு கட்டிக்கொண்டு இறங்கிப் போனேன். அவளுடைய அப்பா என்னைக் கண்டதும் எழுந்து நின்று தன் போனை நீட்டினார். தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் என் நான்காவது அட்டை. அது மட்டும். யாரோ திரையைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். கீழே, நம் பிள்ளைகளை அனுப்பும் முன் யோசியுங்கள் என்று ஒரு வரி. அவருக்கு இன்ஸ்டாகிராம் இல்லை. அவர் போடும் டேட்டா கார்டில் வாட்ஸ்அப் மட்டும்தான் வேலை செய்யும். அந்த அட்டைக்கு முன்னும் பின்னும் ஏதாவது இருக்கிறதென்று அவருக்கு எப்படித் தெரியும்?

“நீங்க அழுதீங்கன்னு போட்டிருக்கீங்க டீச்சர். பொய்யா?”

“பொய்யில்லண்ணே.”

“அப்ப எம்பிள்ளைய எதுக்குப் போகச் சொல்றீங்க?”

என் போனில் சேமித்து வைத்திருந்த ஐந்தாவது அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் முழுவதும் வாசித்தார். இது ஏன் வேறாக இருக்கிறது என்று கேட்டார். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், ஒரே அட்டையில் இடம் பத்தவில்லை என்றேன்.

“பயமுறுத்த எடம் இருந்திச்சு. இதுக்கு எடம் பத்தலயாக்கும்.”

அடுப்படியிலிருந்து அவர் மனைவி, “இவரு படத்துக்குப் போனாலும் இடைவேளைல எந்திரிச்சு வந்துட்டு, கத சரியில்லம்பாரு டீச்சர்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. பிள்ளை கதவருகே சுவரைப் பார்த்தபடி நின்றாள். அழுது ஓய்ந்திருந்த முகம்.

அடுத்து அவர் கேட்ட எதற்கும் என் அட்டைகளில் பதில் இல்லை. பஸ் போய்ச் சேரும்போது இருட்டிவிடுமா? கூப்பிடும்போது தனியே போகக் கூடாதென்றால் கூடப் போவது யார், அங்கே இவளுக்கு யாரைத் தெரியும்? அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. தனியே போகாதே என்று எழுதுவது எவ்வளவு சுலபம். நான் போனபோது எனக்குத் துணையாக ஒருத்தி இருந்தாள். அதனால்தான் அந்த வரி எனக்கு வந்தது. இந்தப் பிள்ளைக்கு யாருமில்லை. நான் வற்புறுத்தி, அவள் போய், ஏதாவது நடந்துவிட்டால்? மகள் என் கழுத்தடியில் நெளிந்தாள். பேசாமல் திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

பிறகு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. பூண்டுலோயாவில் இருந்து போய் அதே பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கும் பிள்ளை. எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு எப்போதாவது எழுதுபவள். மேட்டுக்கு ஏறி, சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று அவளுக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். பின்னாலேயே பிள்ளையோடு ஏறி வந்த அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“மாமா, கஷ்டமில்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நம்ம பக்கத்துப் பிள்ளைங்க ஆறு பேரு ஒரே விடுதில இருக்கோம். ஒருத்தியக் கூப்பிட்டா ஆறு பேரும் போவோம். நீங்க அனுப்புங்க, நான் பஸ் ஸ்டாண்டுக்கு வர்றேன்.”

போனைத் திருப்பித் தரும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் பிள்ளையைப் பார்த்து, “காலைல டீச்சர் வீட்டுக்குப் போ” என்றார். பல்கலைக்கழகத்துக்குத் தானும் கூடப் போவதாகவும், விடுதியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவதாகவும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கம் பாதியில் நின்று நின்று திறந்தது. பதிவு முடிந்ததும் பிள்ளை என் மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்தாள்.

இன்ஸ்டாகிராமில் போட்ட பழைய பதிவை நீக்கச் சொன்னேன். போட்ட படத்தை மாற்ற முடியாது, முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும், வந்த கருத்துகளும் பகிர்வுகளும் போய்விடும் என்று ஆசிரியை முணுமுணுத்தாள். போகட்டும் என்றேன். இந்த முறை எந்த அட்டையைத் தனியாகப் பிய்த்தெடுத்தாலும் கஷ்டமும் வழியும் அதிலேயே சேர்ந்து இருக்கும்படி எழுதினோம். எழுத்து சிறியதாகிவிட்டது. உங்களுக்குத் துணையாகக் கிழக்கில் யார் இருக்கிறார்கள், பேராதனைப் பக்கம் யார், தெற்கில் யார் என்று விசாரித்துச் சொல்கிறோம், எங்களுக்கு எழுதுங்கள் என்று கடைசி அட்டையில் போட்டோம். பழைய அட்டையோ இன்னும் எந்தெந்தக் குழுக்களில் திரிகிறதோ தெரியாது.

அவள் போய் முதல் வாரம் போன் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் எடுத்துப் பார்ப்பேன். ஒரு பின்னேரம், மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது.

“கூப்பிட்டாங்க டீச்சர். ஏழு பேரா போனோம்.”

என்ன நடந்தது என்று உடனே கேட்டு எழுதினேன். பதில் வர நேரமானது. அதற்குள் கஞ்சி ஆறி, மகள் அழத் தொடங்கிவிட்டாள்.

“பேரக் கேட்டாங்க, ஊரக் கேட்டாங்க. அக்காமாரப் பார்த்துட்டு, சரி போங்கன்னுட்டாங்க. நாளைக்கு லெக்சர் இருக்கு, படுக்கப் போறேன்.”