ஏற்கனவே தெளிவாகத் தெரிவித்தபடி

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் சேலத்தில் ஆயில் எஞ்சின் விற்கும் கம்பெனி ஒன்றின் கிளை ஆபீசில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். கிணற்றுக்கு எஞ்சின் வாங்கும் விவசாயிகளுக்குத் தமிழிலும், மதராஸ் தலைமை ஆபீசுக்கு இங்கிலீஷிலும் கடிதம் அடிப்பது என் வேலை. வாசகத்தை எழுதித் தருபவர் ஹெட் கிளார்க்.

அவருக்கு ஒரு சொற்றொடர் மேல் தீராத காதல். "எமது முந்தைய கடிதத்தில் ஏற்கனவே தெளிவாகத் தெரிவித்தபடி" என்று தொடங்காவிட்டால் அவருக்குக் கடிதமே ஓடாது. யாராவது ஒரு விஷயத்தை இரண்டாம் தடவை கேட்டுவிட்டால், அவரைச் செவிட்டில் அறைய ஒரு வாய்ப்புக் கிடைத்ததாகவே நினைப்பார். அறைந்துவிட்டு, கேட்டதற்குப் பதிலை மட்டும் எழுதமாட்டார். அதுதான் முந்தைய கடிதத்தில் இருக்கிறதே! இதற்குக் கம்பெனி கௌரவம் என்று பெயர் வைத்திருந்தார்.

புதுச்சத்திரத்துக்காரர் ஒருவர் எஞ்சினுக்கு முன்பணம் கட்டியிருந்தார். எஞ்சினை உட்காரவைக்கும் மேடைக்குக் குழி எவ்வளவு தோண்டவேண்டும் என்று கேட்டு எழுதினார். வழக்கமான அறை தபாலில் போயிற்று. அந்த வாரமே அவர் பஸ் ஏறி நேராக ஆபீசுக்கு வந்து, கடிதத்தை மேஜைமேல் விரித்து வைத்தார்.

"ஏனுங்க, நான் குழி ஆழம் கேட்டனுங்க. நீங்க என்னைய வைஞ்சு எழுதிருக்கீங்க. முன்னால மதராஸ்ல இருந்து வந்த கடுதாசி பூராவும் இங்கிலீசுங்க. எங்கூர்ல அதை யாருங்க படிப்பாங்க?"

குரலை உயர்த்தவேயில்லை. எஞ்சின் வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். ஹெட் கிளார்க் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து மேனேஜர் வந்து அவரை உட்காரவைத்து, காப்பி வரவழைத்து, அளவுகளைத் தமிழில் எழுதித் தருவதாகச் சொல்லி மனதை மாற்றினார். பிறகு அந்தக் கடிதத்தை என்னிடம் கொடுத்து, கோபத்தை எடுத்துவிட்டு மறுபடி அடிக்கச் சொன்னார்.

அது பெரிய வித்தையில்லை. முதல் வரியை நீக்கிவிட்டு, "தாங்கள் கேட்ட மேடையின் அளவுகள் இவை" என்று தொடங்கினேன். நீளம், அகலம், ஆழம், போல்ட் நிற்கவேண்டிய இடம் எல்லாம் வந்தன. "முன்பு அனுப்பிய இங்கிலீஷ் தாளிலும் இவையே உள்ளன. சந்தேகம் இருந்தால் எழுதவும்" என்று முடித்தேன். எத்தனையாவது தடவை சொல்கிறோம் என்ற கணக்கு மட்டும் அதில் இல்லை. புதுச்சத்திரத்துக்காரர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். மாசக் கடைசியில் எஞ்சினும் போயிற்று.

அன்றிலிருந்து வெளியே போகும் கடிதமெல்லாம் என் கண்ணில் பட்டுத்தான் போகவேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட்டார். ஹெட் கிளார்க் இரண்டு நாள் தாள்களை என் மேஜைமேல் எறிந்துவிட்டுப் போனார். பிறகு சாதுவான சொற்களையெல்லாம் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டு அவற்றிலும் விஷம் தடவினார். "தங்கள் வசதிக்காக மறுபடியும், மறுபடியும் குறிப்பிடுகிறோம்" என்று எழுதுவார். "தங்கள் பல அலுவல்களுக்கிடையே எமது கடிதம் கண்ணில் படாமல் போயிருக்கலாம்" என்பார். பள்ளிபாளையத்து ஆலை ஒன்றுக்கு, "அன்புடன் நினைவூட்டுகிறோம்" என்று எழுதி அன்புக்குக் கீழே கோடிட்டிருந்தார். நான் கோட்டையும் அன்பையும் சேர்த்தே எடுத்துவிட்டு, "பெல்ட்டின் அகலத்தை வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால் அந்த வாரமே அனுப்பிவிடலாம்" என்று மட்டும் வைத்தேன்.

"இதுல மரியாதை எங்கம்மா இருக்கு?" என்றார்.

"பதில் இருக்கு சார்" என்றேன்.

அந்தக் கோடையில் மகள் கல்யாணத்துக்காக ஹெட் கிளார்க், சொந்தக் கடிதம் என்று என் கண்ணில் காட்டாமலே, மதராஸ் தலைமை ஆபீசுக்கு லீவு கேட்டு எழுதினார். எந்தத் தேதியிலிருந்து என்று குறிப்பிட மறந்துவிட்டார். தேதி கேட்டு வந்த கடிதத்தைக் கோப்புக்குள் செருகிவிட்டு, லீவு என்னாயிற்று என்று மறுபடி எழுதினார். "எமது முந்தைய கடிதத்தில் ஏற்கனவே கேட்டபடி" என்று இங்கிலீஷில் பதில் வந்தது. அவர் முகம் கறுத்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. பதினைந்து வருஷம் உழைத்தவனை இப்படி எழுதலாமா, இது என்ன மனுஷத்தனம் என்று பியூன் வரைக்கும் கேட்டார். சாயங்காலம் நீண்ட ஒரு மறுப்பு எழுதி என்னிடம் நீட்டினார். அதிலும் தேதி இல்லை.

"எந்தத் தேதி சார்?" என்று கேட்டேன். சொன்னார். "இந்தத் தேதியிலிருந்து பத்து நாள் லீவு வேண்டும். முன்பே குறிப்பிடாததற்கு வருந்துகிறேன்" என்று இரண்டு வரி அடித்து நீட்டினேன். வருத்தம் எதற்கு என்று முறைத்தார். வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார். அடுத்த தபாலில் லீவு வந்தது.

கல்யாணத்துக்கு எல்லோரும் போயிருந்தோம். மதராஸ்காரர்களைத் தன் பேனாவால் எப்படிப் பணியவைத்தார் என்று சம்பந்தியிடம் அவர் விளக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கொஞ்சமும் தயங்காமல், "நம்ம டைப்பிஸ்ட்தான் அடிச்சாங்க, கேளுங்க" என்று கூப்பிட்டார். சம்பந்தி கை கூப்பினார். நான் பாயசம் எடுத்துக்கொண்டு வேறு பந்தியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.