ஸாரி என்று ஒரு மெயில்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்தெருவில் இருந்த ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் கடிதப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெட் ஆபீஸ் அடையாறில் இருந்தது. முதலாளியும் பர்சனல் மேனேஜரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் கிளையில் கப்பல் ஏறும் சரக்குக்கான காகித வேலை நடந்தது. அதற்குத் தலைவராக ஒரு மேனேஜர் இருந்தார். சிரித்த முகம், மெல்லிய குரல். ஒருத்தரையும் அதட்டிப் பார்த்ததில்லை. எனக்கு என்னவோ முதலிலிருந்தே அந்த ஆளைப் பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் அப்போது சொல்லத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் எல்லோர் மேஜைக்கும் கம்ப்யூட்டர் வந்தது. அதுவரை எழுத்து என்றால் கடிதம். லெட்டர்ஹெட், எண், தேதி, பார்வை, கையெழுத்து, அனுப்புகைப் பதிவு. பிறகு மெயில் வந்தது. அதற்குப் பின்னாலேயே ஆபீசுக்குள் மட்டும் ஓடுகிற சாட் ஒன்றையும் போட்டுவிட்டார்கள். திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு ஜன்னல் திறக்கும். அதில் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்போம். ஜன்னலை மூடினால் அடித்ததெல்லாம் போச்சு. எங்கேயும் தங்காது.

யாருக்கும் எதில் எப்படிப் பேசுவது என்று பிடிபடவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். அக்கவுண்ட்ஸில் ஒருத்தர் பக்கத்து மேஜைக்காரரிடம் ஸ்டேப்ளர் கேட்க சாட்டில் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பிப்பார். புதிதாகச் சேர்ந்த பையன்கள், வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போகிற மெயிலில் 'ஓகே பாஸ்' என்று எழுதிவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். நான் கத்துவேன். எனக்கு வாய் ஜாஸ்தி, அது ஊருக்கே தெரியும். "சாட் வாசல்ல நின்னு பேசறது, மெயில் கூடத்துல உட்கார்ந்து பேசறது, லெட்டர் கோர்ட்டுல நின்னு பேசறது. எந்த இடத்துல நிக்கறேன்னு பாத்துண்டு வாயைத் திறங்கோ" என்பேன். "இன்னாக்கா, காலையிலயே க்ளாஸா?" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள்.

டாகுமெண்ட் பிரிவில் எனக்கு நெருக்கமாக ஒருத்தி இருந்தாள். என்னைவிட இளையவள், சைதாப்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் வருவாள். அப்பா படுக்கையில். தம்பிக்குப் படிப்பு. வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில்தான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் யாரையும் சங்கடப்படுத்தப் பயம். தன்மேல் தப்பே இல்லாவிட்டாலும் மெயிலில் ஸாரி போட்டுத்தான் ஆரம்பிப்பாள். லைன் போய் மெயில் தாமதமானால் ஸாரி. எதிராளி இணைக்க மறந்த காகிதத்தைக் கேட்கவும் ஸாரி. "ஏண்டி, கரண்ட் போனாக்கூட நீதான் மன்னிப்புக் கேப்பியா?" என்று நான் திட்டினால் சிரிப்பாள்.

மேனேஜர் அவளுக்கு வேலை சொல்வதெல்லாம் சாட்டில்தான். 'ஏம்மா, அதை அனுப்பிடு', 'ஏம்மா, இதை நிறுத்தி வை' என்று. ஒரு தடவை பெரிய சரக்கு ஒன்று கப்பலேறிவிட்டது. அதன் அசல் காகிதங்களை வாங்குபவருக்குக் கூரியரில் அனுப்ப வேண்டும். அவை கையில் இருந்தால்தான் அவர் தன் ஊர்த் துறைமுகத்தில் சரக்கை எடுக்க முடியும். மேனேஜர் சாட்டில் 'இப்போ அனுப்பாதே, நான் சொல்றப்போ அனுப்பு' என்றார். வாங்குபவரோடு ஏதோ பேரம் ஓடிக்கொண்டிருந்தது போல. இவள் நிறுத்தி வைத்தாள். அவர் சொல்ல மறந்தாரோ, வேண்டுமென்றே விட்டாரோ, சரக்கு அங்கே துறைமுகத்தில் கிடந்தது. வாங்குபவர் நேராக முதலாளிக்கே காட்டமாக ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டார்.

அடுத்த நாள் காலை அவளுக்கு மேனேஜரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். 'டியர் மேடம்' என்று ஆரம்பித்திருந்தது. காகிதங்கள் ஏன் தாமதமாயின என்று விளக்கும்படி கேட்டிருந்தார். நகல், பர்சனல் மேனேஜருக்கு.

நேற்று வரை 'ஏம்மா' என்றவர் இன்றைக்கு 'மேடம்' என்கிறார். அந்த ஆபீசில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிய எனக்கு அதன் அர்த்தம் தெரியாதா? "நீங்கதானே நிறுத்தி வைக்கச் சொன்னேள்னு இப்பவே பதில் போடு. அதே நகலோட போடு" என்றேன்.

"இல்லக்கா, இப்பதான் சாட்ல சொன்னாரு" என்று திரையின் ஓரத்தைக் காட்டினாள். 'மெயிலைப் பாத்து பயப்படாதம்மா. ஹெட் ஆபீசுக்குக் காட்டறதுக்குத்தான். நான் பாத்துக்கறேன்.'

"அதை பிரிண்ட் எடு."

"போங்கக்கா, அவரு பாத்தா இன்னா நினைப்பாரு?" என்று ஜன்னலை மூடிவிட்டாள்.

மெயிலுக்குப் பதில் போகவில்லை. நாட்கள் நகர்ந்தன. மேனேஜர் பழையபடி சிரித்துக்கொண்டு போய்வந்தார். பதில் போட்டாயா என்று திரும்பத் திரும்ப அவளிடம் கேட்டேன். சாட்டில் அப்பாவின் உடம்பைப் பற்றி விசாரித்தாராம், நல்ல டாக்டர் பெயர் ஒன்று சொன்னாராம். அவள் முகம் மலர்ந்து சொன்னாள். பாவிமகள், நம்பினாள்.

பிறகு கடிதம் வந்தது. அடையாறு லெட்டர்ஹெட், எண், தேதி. அட்டெண்டர் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உறையைக் கொடுத்தான். கடமை தவறியதற்காக அவள்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று எழுத்தில் விளக்கம் தர வேண்டும், கெடுவுக்குள் தராவிட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளப்படும். மெயிலுக்குப் பதில் வராததும் அதில் ஒரு குற்றமாகச் சேர்ந்திருந்தது. கீழே பர்சனல் மேனேஜரின் கையெழுத்து. பக்கத்தில் நம் மேனேஜரின் கையெழுத்து.

கெடுவின் கடைசி நாள், சாப்பாட்டு நேரத்தில் அவளை என் மேஜைக்கு இழுத்துக்கொண்டு வந்து பதிலை நானே டைப் அடித்தேன். அடுக்குமொழி ஒன்றுமில்லை. தங்கள் இன்ன எண், இன்ன தேதியிட்ட கடிதம் கிடைத்தது. குற்றச்சாட்டை மறுக்கிறேன். காகிதங்களை நிறுத்தி வைத்தது என் மேலதிகாரியின் உத்தரவின்பேரில். அதை விசாரணையில் நிரூபிக்க எனக்கு வாய்ப்புத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அவ்வளவுதான்.

படித்துவிட்டு அவள் வெளிறிப்போனாள். "ஐயோ அக்கா, இது சண்டைக்குப் போற மாதிரி கீது. தினம் முகத்தைப் பாக்கற மனுஷன். எங்கப்பாவுக்கு டாக்டர் சொன்னவரு. அவருக்கு எப்படிக்கா இப்படி எழுதறது?"

"கடுதாசி மனுஷாளுக்குப் போகலைடி. ஃபைலுக்குப் போறது. ஃபைலுக்கு உன் மனசு தெரியாது, உங்கப்பா தெரியாது. எழுதினது மட்டும்தான் தெரியும்."

"ஒரு ஸாரியாவது போட்டுக்கலாமா? மரியாதைக்கு?"

"போட்டியோ, தொலைஞ்சே!" என்று கத்தினேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். கையெழுத்துப் போட்டுச் சாயங்காலம் கொடுத்துவிடுவதாகத் தலையாட்டினாள்.

சாயங்காலம் வரவில்லை. மறுநாள் காலையில் நான் கேட்டபோது நிம்மதியாகச் சிரித்தாள். "அதெல்லாம் முடிஞ்சிடுச்சுக்கா. 'லெட்டர் எதுக்கும்மா, நமக்குள்ள? ஸாரின்னு ரெண்டு வரி மெயில் போடு, ஹெட் ஆபீசுல பேசி க்ளோஸ் பண்ணிடறேன்'னு சார் சாட்ல சொன்னாரு. போட்டுட்டேன்."

"என்னடி போட்டே?"

மெயிலைத் திறந்து காட்டினாள். அவள் தினம் எழுதுகிற அதே மெயில்தான். நடந்ததற்கு ரொம்ப ஸாரி சார். என்னால் உங்களுக்கும் கம்பெனிக்கும் வீண் சிரமம். இனிமேல் இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்கிறேன். அதற்குக் கீழே நன்றி, வணக்கம்.

மெயிலாகத் திரையில் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. நல்ல பெண், பணிவாக எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அதைக் காகிதத்தில் அச்செடுத்து அந்த அடையாறு கடிதத்துக்குப் பின்னால் கோத்தால், அது மரியாதை இல்லை, வாக்குமூலம். நிறுத்தி வைக்கச் சொன்னது யார் என்பது சாட் ஜன்னலோடு போய்விட்டது. இனி அதைச் சொல்ல இந்த உலகத்தில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. "அதைத் திரும்ப எடுக்க முடியுமா?" என்று முட்டாள்தனமாகக் கேட்டேன். போன மெயில் போனதுதான். "இப்பவாவது என் லெட்டரைக் கொடு" என்று கெஞ்சினேன். கெடு முந்தின நாளோடு முடிந்திருந்தது. அதுவும் அவளுக்கு உறைக்கவில்லை.

அப்புறம் கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை. அந்த நாட்களைத்தான் என்னால் இப்போதும் மறக்க முடியவில்லை. அவள் டிபன் டப்பாவைத் திறந்து எனக்குப் பாதி வைப்பாள். மேனேஜர் அந்தப் பக்கமாகப் போனால் எழுந்து நிற்பாள். அவர் 'உட்காரும்மா' என்று கையமர்த்திவிட்டுப் போவார். நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். வாயைத் திறந்திருந்தால் என்ன பேசியிருப்பேனோ.

ஒரு மத்தியானம் அட்டெண்டர் இரண்டாவது உறையோடு வந்தான். அவள் கையெழுத்துப் போட்டு வாங்கி, அப்படியே என் மேஜைக்குக் கொண்டுவந்தாள். நீங்களே பிரியுங்கள் என்றாள். பிரித்தேன். தங்கள் மின்னஞ்சலில் தவற்றை ஒப்புக்கொண்டுவிட்டதால் விசாரணை தேவையில்லை என்று நிர்வாகம் கருதுகிறது. இன்றைய தேதியிலிருந்து தாங்கள் பணியிலிருந்து நீக்கப்படுகிறீர்கள். கம்பெனிப் பொருட்களை ஒப்படைக்கவும். பிசிறில்லாத, நல்ல கடிதம். நானே அடித்திருந்தாலும் ஒரு வார்த்தையைக் கூட மாற்றியிருக்க மாட்டேன். கீழே அதே இரண்டு கையெழுத்துகள். மேனேஜர் தன் கையெழுத்தின் கீழே முந்தின நாள் தேதியைப் போட்டிருந்தார்.

அவள் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்துத் தோளில் கை வைத்தேன். அழவில்லை.

"காலையில வந்ததும் சாட்ல கேட்டாருக்கா, சாப்டியாம்மான்னு" என்றாள். "சாப்டேன் சார், நீங்க சாப்டீங்களான்னு கேட்டு அனுப்பினேன்."