அடித்தல் திருத்தல் இல்லாத ரஃப் காப்பி

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். தெரசா அதோடு நிறுத்தமாட்டார். தராசுத் தட்டுக்கு அடியிலும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டுவார். வீட்டைப் பூட்டிக்கொண்டு பாதித் தெரு போனவர் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை செய்யும் அவர் கணவர் கிறிஸ்துதாஸுக்கு இது பழகிப்போனது.

"கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவன்கிட்ட ஐடி கார்டு கேட்ட. ஞாயித்துக்கெயம ஃபாதர்கிட்டயும் கேட்டுடாத தாயீ," என்பார்.

"கேட்டா இன்னா? உண்மையான ஃபாதர்னா காட்டிட்டுப் போறாரு," என்பார் தெரசா. சிரிக்கக்கூட மாட்டார்.

தெரசாவை யாரும் பெரிதாக ஏமாற்றியதில்லை. பிறவிக் குணம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆவடியில் பிறந்து, ஆவடியிலேயே படித்து, ஆவடியிலேயே ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறார். தேர்வு அறையில் அவர் நடந்து வந்தால், ஒழுங்காக எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையும் தாளைக் கையால் மறைத்துக்கொள்ளும்.

அப்படிப்பட்டவர் கையில் போன வருடம் ஒரு கருவி கிடைத்தது. கட்டுரையை அதில் ஒட்டினால், எத்தனை சதவீதம் ஏஐ எழுதியது என்று ஓர் எண் வரும். தெரசாவுக்கு அது வரப்பிரசாதமாகத் தெரிந்தது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கட்டுரையைப் போட்டார். தொண்ணூற்றுக்கு மேல் வந்தது. உள்மதிப்பீட்டில் பூஜ்யம் என்று எழுதிவிட்டார்.

மறுநாள் அந்தப் பெண்ணின் அப்பா மடிக்கணினியோடு வந்தார். ஐடி கம்பெனி ஆள். அதே கட்டுரையை வேறொரு கருவியில் போட்டார். பதினான்கு. "எந்த நம்பரை நம்பணும் சார்?" என்று முதல்வர் ஞானசேகரனைக் கேட்டார். அதோடு விடவில்லை. பள்ளியின் பழைய ஆண்டு மலரை எடுத்து, முதல்வர் எழுதிய வாழ்த்துரையைத் தட்டச்சு செய்து, தெரசாவின் கருவியிலேயே போட்டார். எண்பத்தெட்டு. அந்த மலர் வந்தபோது ஏஐ என்ற பேச்சே ஊரில் கிடையாது. வளைத்து வளைத்து எழுதிய வழக்கமான வாழ்த்துரை, அவ்வளவுதான். ஞானசேகரன் முகம் போன போக்கை அலுவலகமே பார்த்தது. அந்தப் பெண்ணுக்கு மதிப்பெண் திரும்பி வந்தது. ஆனால் அவள் தெரசாவின் முகத்தை அதற்குப் பிறகு நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் எழுதினாளா இல்லையா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவும் இல்லை.

அதனால் இந்த வருடம் முறை மாறியது. கட்டுரை ஒரே நாளில் முழுசாக வந்து விழக்கூடாது. முதலில் தலைப்பும் குறிப்பும். பிறகு வகுப்பிலேயே உட்கார்ந்து எழுதும் ஒரு பத்தி. பிறகு முதல் வரைவு. அதைப் பக்கத்து மாணவர் படித்துக் கருத்து எழுதுவார், மிஸ்ஸும் சொல்வார். பிறகு இரண்டாம் வரைவு, கடைசியில் தட்டச்சு செய்த பிரதி. ஒவ்வொரு கட்டத்திலும் எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று நாலு வரி. எல்லாம் ஒரு கோப்பில். முடிவில் அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு மாணவரோடு ஐந்து நிமிடப் பேச்சு. மதிப்பெண் இந்த எல்லாவற்றுக்கும் சேர்த்து. கருவி சொல்லும் எண்ணை யாரும் ஆதாரமாகக் கொண்டுவரக்கூடாது என்றும் ஞானசேகரன் சொல்லிவிட்டார்.

தெரசா இதையும் நம்பவில்லை. "நாலு வரி டைரியையும் அந்த மெஷினே எழுதிக் குடுக்கும் சார்," என்றார்.

"குடுக்கட்டும். எதிர்ல உக்கார வச்சு கேட்டா மெஷினா வந்து பதில் சொல்லும்?"

அரையாண்டுக்கு முன் கோப்புகள் வந்தன. பெரும்பாலானவை பார்க்கச் சகிக்காதவை. மையும் எண்ணெய்க் கறையும். பெனிட்டோவின் முதல் வரைவில் பாதிப் பக்கம் அடித்திருந்தது, ஓரத்தில் கிரிக்கெட் மட்டை வரைந்திருந்தது. தெரசாவுக்கு அவற்றின் மேல் சந்தேகம் வரவில்லை. சந்தேகம் வந்தது ரோஹித்தின் கோப்பின் மேல்.

ரோஹித் ஜூன் மாதம்தான் சேர்ந்தான். தென்காசிப் பக்கத்துக் குடும்பம். அப்பாவுக்கு ஐடி வேலை, பருத்திப்பட்டில் ஃபிளாட். வகுப்பில் வாயே திறக்கமாட்டான். பருத்திப்பட்டு ஏரியைப் பற்றி எழுதியிருந்தான். முதல் வரைவு முத்து முத்தான கையெழுத்து. இரண்டாம் வரைவும் அப்படியே. ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. இரண்டுக்கும் ஒரே நீல மை, ஒரே தாள். முதல் வரைவையும் இரண்டாம் வரைவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு உள்ளே மணி அடித்தது. "ஏரியின் நாற்றத்திலிருந்து ஆரம்பி" என்று இரண்டாம் வரைவுக்கு முன்னால்தான், தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, தெரசா அவனிடம் வாய்வழியாகச் சொன்னார். ஆனால் முதல் வரைவே நாற்றத்தில் ஆரம்பித்தது. சொல்வதற்கு முன்பே எப்படித் திருத்துவான்?

கடைசிப் பிரதியை முதலில் வாங்கிக்கொண்டு, அதைப் பார்த்துப் பழைய வரைவுகளைத் தயாரித்திருக்கிறான். தெரசாவுக்கு அதில் ஐயமே இல்லை. வீட்டில் யாருக்கும் தெரியாமல் அந்தக் கருவியில் போட்டும் பார்த்தார். எண்பத்தேழு. அந்த எண்ணை வெளியே சொல்ல முடியாது; இருந்தாலும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். போலிக் கோப்பு என்று உறுதியானால் ரோஹித்துக்கு உள்மதிப்பீட்டில் பூஜ்யம். பெயரும் கெட்டுப்போகும்.

முதல்வர் அறைக்கு ரோஹித்தோடு அவன் அம்மா சரசா வரவழைக்கப்பட்டார். உட்காருவதற்கு முன்பே கைபேசியை நீட்டினார்.

"மிஸ், அவங்க அப்பா நேத்தே செக் பண்ணிட்டாங்க. ஒம்பது பர்சென்ட்தான் காட்டுது. எம் பிள்ளை மேல எதுக்குப் பழி போடுதீங்க?"

"அம்மா, போனை உள்ள வைங்க," என்றார் ஞானசேகரன். "இங்க யாரும் நம்பர் பேசப்போறதில்ல. பேப்பரைத்தான் பேசப்போறோம்."

தெரசா தன் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார். அதற்குள் எண்பத்தேழு இருந்தது. பிறகு இரண்டு வரைவுகளையும் மேசையில் பரப்பி, தேதியையும் முதல் வரியையும் விரலால் காட்டினார்.

"நான் சொல்றதுக்கு முன்னாடியே நான் சொன்ன மாதிரி எழுதிகீறான். எப்டிம்மா?"

சரசா தாளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "இது அந்த முதல் தாளு இல்ல மிஸ். அதை நாந்தான் கிழிச்சுப் போட்டேன்."

ஞானசேகரன் தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"பிள்ளை கோழி கிளறின மாதிரில்லா எழுதி வச்சிருந்தான். அடிச்சு, அம்புக்குறி போட்டு... அப்பிடியேவா ஸ்கூலுக்குக் குடுக்க முடியும்? எல்லாத்தையும் ஃபேரா எழுதுலேன்னு உக்கார வச்சேன். எங்க ஊர்ல ரஃப் நோட்டைக்கூட யாருக்கும் காட்டமாட்டோம்."

"எழுதும்போது பழைய தப்பையெல்லாம் சரி பண்ணிட்டேன் மிஸ்," என்றான் ரோஹித், தரையைப் பார்த்து. "தப்பைத் தப்பாவே காப்பி பண்ண ஒரு மாதிரி இருந்துச்சு."

நல்ல கதை, என்று நினைத்தார் தெரசா. யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கிழித்துப் போட்ட தாளை எங்கே போய்த் தேடுவது?

"வீட்டுக்கே போகாத தாள் ஒண்ணு இருக்குமே," என்றார் ஞானசேகரன். "கிளாஸ்ல எழுதின பத்தி. அது எங்க டீச்சர்?"

தெரசாவின் முகம் மாறியது. அது அவருடைய அலமாரியில் இருந்தது. வாங்கி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்தது. அத்தனை வகுப்புத் தாள்களுக்கு நடுவில் இன்னும் அவிழ்க்கவில்லை. முதல் வரைவையும் அந்த வாரமே வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். நேரமில்லாமல், "கடைசியில் மொத்தமாக வையுங்கள்" என்று அவர்தான் சொல்லியிருந்தார். கட்டம் கட்டமாக வரவேண்டியது ஒரே மூட்டையாக வந்ததற்கு யார் காரணம் என்று அவரையே கேட்டால், பதிலை வெளியே தேட வேண்டியதில்லை.

எழுந்துபோய்க் கட்டைக் கொண்டுவந்தார். ரோஹித்தின் தாள் நடுவில் இருந்தது. கோழி கிளறியதுதான். ஆங்கிலம் தடுமாறியது. ஏரி எத்தனை ஏக்கர் என்று ஆரம்பித்து, அதை அடித்து, மறுபடி அதையே எழுதியிருந்தான். ஆனால் அதே ஏரி, அதே ஆகாயத்தாமரை, தெர்மோகோல் பலகையில் உட்கார்ந்து வலை வீசும் அதே ஆள். வரைவுகளில் வளர்ந்து நின்றவை எல்லாம் இங்கே முளையாகக் கிடந்தன.

அப்போதும் தெரசா விடவில்லை. "இந்த வலை வீசற ஆளு ஃபைனல்ல ஏன் காணோம்? உன் டைரில 'நீளமாக இருந்ததால் எடுத்துவிட்டேன்'னு கீது."

ரோஹித் அம்மாவைப் பார்த்தான்.

"அவங்கள பாக்காத. என்னப் பாத்துச் சொல்லு."

"அது... அவர் ஏழு கிலோ விரால் புடிச்சேன்னு சொன்னார் மிஸ். நானும் எழுதிட்டேன். அப்புறம் டீக்கடைல கேட்டா எல்லாரும் சிரிக்காங்க. அவர் மீனே புடிக்க மாட்டாராம். யாரோ விட்டுட்டுப் போன பலகைல சும்மா உக்காந்திருப்பாராம். நான் வேற பெருசா நம்பி எழுதினேன்லா... வெக்கமா இருந்துச்சு. அதான் எடுத்துட்டேன்."

ஞானசேகரன் வாயைக் கையால் மூடிக்கொண்டார். தெரசாவுக்கும் உதடு ஒரு பக்கம் இழுத்தது. எந்த மெஷினும் இப்படி வெட்கப்பட்டு ஒரு பத்தியை எடுக்காது என்று அவருக்குத் தோன்றியது. கூடவே, அந்த ஆளை அவராக இருந்தால் முதல் நாளே நம்பியிருக்கமாட்டார் என்றும்.

"இதத்தான்டா டைரில எழுதணும்," என்றார். "நீளமா இருந்துச்சாம்! பொய்யி."

"அப்போ மார்க்கு மிஸ்?" என்றார் சரசா. குரலில் இன்னும் சண்டை மிச்சமிருந்தது.

"கட்டுரை அவன்து. அதுக்கு முழுசா உண்டு. டைரிக்கு இப்ப இல்ல. இங்கயே உக்காந்து திரும்ப எழுதட்டும். நீங்க பக்கத்துல நிக்காதீங்க."

அன்று மாலை தெரசா எல்லா வகுப்புக்கும் சொல்லி அனுப்பினார். இனி கோப்பு வீட்டுக்குப் போகாது. வரைவு எழுதிய வாரமே தேதியும் கையெழுத்தும். கைப்பையில் இருந்த எண்பத்தேழை நான்காகக் கிழித்தார். கிழித்தவர், துண்டுகளைக் குப்பைக் கூடையில் போடாமல் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். யாராவது எடுத்து ஒட்டிப் பார்த்தால்?

ரோஹித் எழுதிக் கொடுத்த புதிய டைரி மேசையில் கிடந்தது. ஏழு கிலோ விரால், டீக்கடைச் சிரிப்பு, அம்மா கிழித்த தாள், எல்லாம் இருந்தன. நடுவில் ஒரு வரியை மட்டும் கறுப்பாக அடித்திருந்தான். தெரசா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அடித்தலுக்குக் கீழே எழுத்துகள் மெல்லத் தெரிந்தன. மிஸ்ஸும் அந்த ஆளைப் போலத்தான், நான் சொல்வதைக் கேட்காமலே ஒரு கதை வைத்திருந்தார்கள், என்று எழுதி, வேண்டாம் என்று அடித்திருந்தான்.

அவர் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு உட்கார்ந்து, அந்த அடித்தலுக்குப் பக்கத்தில் தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.