இரண்டாவது பட்டியலில் இல்லாத பெயர்

அறிவுமதியைப் பற்றி எழுதுவதாக இருந்தால் அவள் கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பேசும்போது அவளுடைய இரண்டு கைகளும் சும்மா இருக்காது. எங்கள் ஆபீசுக்கு வந்த புதிதில், இந்தப் பெண் என்ன இப்படிக் காற்றில் கோலம் போடுகிறாள் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அவளுடைய அம்மா பாப்பாயிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அறிவுமதி வாய் திறந்து பேசுவதற்கு முன்னால் கையால் பேசியவள்.

ஊர் உப்பிலியபுரம். அப்பா அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். வெங்காயம் ஆயும் வேலைக்குப் போய்த்தான் பாப்பாயி மகளை இன்ஜினியரிங் வரை படிக்க வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் கைப்பேச்சு மகளுக்குப் புரியும், பக்கத்து வீட்டு வள்ளிக்கண்ணு அக்காவுக்குப் புரியும். மற்றவர்களிடம் அவர் அதிகம் வைத்துக்கொள்வதில்லை. கேலி செய்வார்கள் என்று நினைப்பு. நினைப்பு என்ன, செய்தார்கள்.

எங்கள் கம்பெனி தில்லைநகரில் ஒரு மாடியில் இருக்கிறது. வெளிநாட்டு மருத்துவமனைகளின் நோயாளிப் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலை. நானும் அறிவுமதியும் கம்ப்யூட்டர், நெட்வொர்க் பராமரிப்பு. நான் பெஞ்சமின், பதினான்கு வருட அனுபவம், எல்லாம் தெரியும் என்ற திமிர். அவள் எனக்கு ஜூனியர். யார் "நெட் வரலை" என்று வந்தாலும் அவள் சொல்லும் முதல் வார்த்தை ஒன்றுதான்: "முதல்ல உங்க பக்கத்தப் பாருங்க."

அறிவுமதி ஸ்ரீரங்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். தினமும் மாலை ஆறரைக்கும் காலை ஏழுக்கும் அம்மாவோடு வீடியோ அழைப்பு. அது தவறியதே இல்லை. கேமரா நன்றாக இருக்க வேண்டும் என்று தன் சொந்தப் போனை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, கம்பெனி கொடுத்த போனை இவள் வைத்துக்கொண்டாள்.

அங்கேதான் சிக்கல். கம்பெனி போனில் எந்த ஆப் இன்டர்நெட்டுக்குப் போனாலும் எங்கள் வி.பி.என். என்ற பாதுகாப்பான தனிப் பாதை வழியாகத்தான் போகும். அது கடல் தாண்டி இருக்கும் ஒரு சர்வருக்குப் போய்ச் சுற்றித்தான் வெளியே வரும். சாதாரணமாகப் பேசுகிறவர்களுக்குக் குரல் கொஞ்சம் தாமதமாகக் கேட்கும், அவ்வளவுதான். கையால் பேசுகிறவர்களுக்கு அப்படியில்லை. படம் ஒரு நொடி உறைந்தால் ஒரு வார்த்தை காணாமல் போகும். "வயிறு வலிக்கலை" என்பதில் 'இல்லை' என்ற கையசைவு போய்விட்டால் என்ன ஆகும்?

அவள் மேலாளரிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினாள். ஸ்பிளிட் டனலிங் என்பார்கள். எந்த ஆப் வி.பி.என். வழியாகப் போகலாம், எது நேராகப் போகலாம் என்று பிரித்து வைப்பது. நேராகப் போகும் பட்டியலில் அந்த வீடியோ ஆப்பைச் சேர்த்தாள். அன்று மாலை ஆபீஸ் ஜன்னலோரம் நின்று அம்மாவோடு பேசினாள். முடித்துவிட்டு என்னிடம் வந்து, "அம்மா கை இப்ப வழுக்கிட்டு ஓடுது அண்ணா" என்றாள். அப்படிச் சிரித்து நான் அவளைப் பார்த்ததில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு தணிக்கை வந்தது. வி.பி.என். எந்தக் காரணத்தாலாவது அறுந்தால், அந்த நொடியே போனிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் ஒரு துளிகூட வெளியே போகக்கூடாது, கில் ஸ்விட்ச் போடுங்கள் என்றார்கள். நியாயமான பேச்சு, நோயாளிகளின் பதிவு இல்லையா. அறிவுமதி விதிகளை எழுதினாள். லேப்டாப்பில் தானே சோதித்தாள். வி.பி.என்.னை அறுத்தாள், எல்லாம் நின்றது. விதிவிலக்கு கொடுத்தவை மட்டும் நேராகப் போயின. சரியாகத்தான் இருந்தது. போனில் சோதிப்பது என் பொறுப்பு.

நான் சோதித்த லட்சணத்தைச் சொல்கிறேன். ஒரு போனை எடுத்தேன். வி.பி.என்.னை அறுத்தேன். ஆபீஸ் ஆப் நின்றது. "சோதித்தாச்சு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். விதிவிலக்கு கொடுத்த ஆப் என்ன ஆகிறது என்று பார்க்கவே இல்லை.

லேப்டாப்பில் இந்தத் தடையைப் போடுவது வி.பி.என். ஆப். யாருக்கு விதிவிலக்கு என்பது அதற்குத் தெரியும். போனில் தடையைப் போடுவது போனின் சிஸ்டமே. அதற்கு வி.பி.என். வழியாக வராத எல்லாமே அந்நியம்தான், வி.பி.என். நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. நேராகப் போகட்டும் என்று நாம் விலக்கி வைத்த ஆப்பை அது வாசலிலேயே மறித்துவிடும். அதை விடச் சொல்வதற்குத் தனியாக இரண்டாவது பட்டியல் ஒன்று இருக்கிறது. இரண்டிலும் பெயர் இருக்க வேண்டும். வீடியோ ஆப்பின் பெயர் முதல் பட்டியலில் மட்டும் இருந்தது.

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு விதி எல்லாப் போன்களுக்கும் போனது.

ஆறரைக்கு அம்மாவின் அழைப்பு வரவில்லை. இவள் அழைத்தாள். 'இணைக்கிறது' என்று சுற்றிக்கொண்டே இருந்தது. போனில் செய்தி வாசித்துப் பார்த்தாள், வந்தது. மெயில் வந்தது. அவை எல்லாம் வி.பி.என். வழியாகப் போகிறவை, வராமல் என்ன செய்யும். தன் பக்கம் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்தாள். அம்மா ஊரை ஒட்டிய பச்சைமலைப் பக்கம் மழை. டவர் போயிருக்கும், அங்கே அது வழக்கம்தான். வள்ளிக்கண்ணு அக்காவுக்குச் சாதாரணப் போன் போட்டாள்.

"நான் பொண்ணு ஊட்டுக்கு வந்துருக்கேன் கண்ணு. நாளைக்குச் சாயந்தரம் போயி பாத்துட்டுச் சொல்றேன். மழைக்கு டவர் இருக்காது, நீ வெசனப்படாத" என்றார் அக்கா.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கும் அதே சுற்றல். நடுவில் ஒருமுறை 'புதிய செய்திகள் இருக்கலாம்' என்று ஒரு வரி திரையில் தோன்றியதாம். திறந்தாள், ஒன்றும் இல்லை. ஆபீசுக்கு வந்ததும் என்னிடம் சொன்னாள். நானும் பெரிய மனுஷனாக, "டவர்தாம்மா" என்றேன்.

அன்று ஒன்பதரைக்கு, பில்லிங் பிரிவில் இருக்கும் சம்ரீன் ஒரு புகார் போட்டிருந்தாள். நேற்று மாலையிலிருந்து போனில் சாப்பாடு ஆர்டர் செய்யும் ஆப் திறக்கவில்லை என்று. அதுவும் நேராகப் போகும் பட்டியலில் இருந்த ஆப்தான். நான் படித்துச் சிரித்தேன். 'சொந்த உபயோகம், அவசரம் இல்லை, திங்கட்கிழமை' என்று எழுதி ஒதுக்கினேன். இரண்டு நிமிடம் அதைப் பார்த்திருந்தால் போதும். எனக்கு எல்லாம் தெரியுமே.

பதினொன்றரைக்கு அறிவுமதியின் போன் ஒலித்தது. சாதாரண அழைப்பு, அதற்குத் தடை ஏது. துறையூரிலிருந்து ஒரு காவலர்.

"பாப்பாயிங்கறவங்க உங்களுக்கு என்ன வேணும்மா?"

"எங்க அம்மாங்க. ஏங்க?"

போனைக் காதில் வைத்திருந்தாள். மற்ற கை மட்டும் காற்றில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தது.

பாப்பாயி துறையூருக்குத் தனியாகப் போனதே கிடையாது. எப்போதும் வள்ளிக்கண்ணு அக்கா கையைப் பிடித்துக்கொண்டுதான் ரோட்டைக் கடப்பார். அன்று தனியாகப் புறப்பட்டு, உப்பிலியபுரத்தில் பஸ் ஏறி, துறையூரில் இறங்கி, திருச்சி பஸ் பிடிக்க எதிர்ப்பக்கம் போயிருக்கிறார். லாரி. ரவிக்கைக்குள் இருந்த சுருக்குப் பையில் மகளுடைய நம்பரும், 'காது கேட்காது' என்ற எழுத்தும். மகள்தான் எழுதிக் கொடுத்திருந்தாள்.

நானும் அவளும் காரில் போனோம். வழியெல்லாம் அவள் ஒன்றையே கேட்டாள்.

"தனியா ஏன் அண்ணா கிளம்புச்சு? ரோடுன்னா அவ்ளோ பயம் அதுக்கு. ஏன் கிளம்புச்சு?"

துறையூர் ஆஸ்பத்திரி வாசலில் லாரிக்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "ஹாரன் அடிச்சேங்க. விடாம அடிச்சேங்க. திரும்பவே இல்லீங்க" என்றார். அவளுக்கு அவரைத் திட்டக்கூடத் தெரியவில்லை. "அதுக்குக் கேக்காதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

துணியை விலக்கி முகத்தைக் காட்டினார்கள். காவலர் அம்மாவின் போனைக் கொண்டுவந்து கொடுத்தார். கண்ணாடி ஓரத்தில் விரிசல், மற்றபடி ஓடியது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அதைத் திறந்தாள். நேற்று ஆறரையிலிருந்து அம்மா இவளுக்குப் போட்ட பதினேழு அழைப்புகள். நான்கு வீடியோச் செய்திகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரே ஒரு டிக், அம்மா போனிலிருந்து கிளம்பிவிட்டது என்று அர்த்தம். போய்ச் சேர்ந்தால் இரண்டு டிக் விழ வேண்டும்.

"டவர் இருந்துருக்கு" என்றாள். தன் போனை எடுத்தாள். இரண்டையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு அது எந்த நொடியில் புரிந்தது என்று அவள் முகத்தில் நான் பார்த்தேன். அதே நொடியில் எனக்கும் சம்ரீனின் புகார் ஞாபகம் வந்தது.

"லேப்டாப் வச்சுருக்கீங்களாண்ணா?"

"இருக்கும்மா. இப்ப எதுக்கும்மா அது?"

"திறங்க. போன் விதிக்குப் போங்க. தடையில விலக்குன்னு ஒரு பட்டியல் இருக்கும் பாருங்க. காலியாத்தான் இருக்கும்."

காலியாகத்தான் இருந்தது. வீடியோ ஆப்பின் பெயரை அதில் சேர்த்தேன். இரண்டு முறை தப்பாக அடித்தேன். அனுப்பினேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அவள் போன் ஒலித்தது. மறுபடி ஒலித்தது. நான்கு முறை. அம்மாவின் போனில் ஒவ்வொன்றாக இரண்டாவது டிக் விழுந்தது.

முதல் மூன்றையும் அவள் பார்த்தாள். நான் எழுந்து போகப் பார்த்தேன், சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். நான்காவது, காலை எட்டேமுக்காலுக்கு எடுத்தது. நல்ல சேலை கட்டி, தலை சீவி, வாசலில் நின்றபடி பாப்பாயி. போனை எங்கோ சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் பேசினார். வேகமாக, நெஞ்சைத் தொட்டு, ரோட்டுப் பக்கம் காட்டி.

எனக்குப் புரியவில்லை. அறிவுமதி வாய்விட்டுச் சொன்னாள்.

"'உனக்கு என்னமோ ஆயிருச்சு. நீ எடுக்காம இருக்க மாட்ட. பயப்படாத. அங்கயே இரு, அம்மா வரேன்.'"

கடைசியில் பாப்பாயி ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோனார். அது எனக்கே தெரியும், ஆபீசில் தினமும் பார்த்தது. சாப்பிட்டியா.

அறிவுமதி போனை மடியில் வைத்துவிட்டு, கையைத் தூக்கி, அந்த நின்றுபோன படத்துக்குப் பதில் சொன்னாள். சாப்பிட்டேன் என்று.